பச்சைக்குக் கீழே

இருநூறு மீட்டரிலும் களிதான் வந்தது.

சல்லடைக்காரர் துளையிலிருந்து ஏறி வந்ததில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பார்த்தார். சாம்பல் நிறம், சோப்புக்கட்டியின் வழவழப்பு. பேருக்கு ஒரு மணல்பருக்கைகூடத் தட்டுப்படவில்லை. அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஆழத்தை எழுதி, மேசையில் நின்ற மற்ற பைகளோடு வரிசையில் வைத்தார். மணல் வந்திருக்கவேண்டிய நூற்றெண்பதிலிருந்து எல்லாப் பைகளும் ஒரே முகத்தோடு இருந்தன.

"மணல் கோவிச்சிக்கிட்டு எங்கயோ போயிருச்சு போல," என்றார் பொதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. துளை போடும் ரிக்கின் இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் துறைமுகக் கிடங்குகளின் தகரக் கூரைகள். அதற்கும் அப்பால், கீழ்நகரத் தெருக்களில் தண்ணீர் லாரியின் பின்னால் குடங்களும் கேன்களும் வரிசை கட்டி நின்றன. அந்தத் தெருக்களின் குழாய்களில் உப்புத் தண்ணீர் ஏறி வெகுகாலமாகிவிட்டது. கடலோரத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நிலத்தடி நீர்த்துறை இந்தத் துளையைப் போட்டது. மணல் வந்தால்தான் தண்ணீர்; களி ஒரு சொட்டும் தராது. இது பொய்த்துவிட்டால் இந்தப் பக்கம் இன்னொரு துளை போடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மேசையின் ஓரத்தில் நின்றிருந்த தங்கை ஒரு பையைத் திறந்து, களியில் ஒரு துளி கிள்ளி, முன்பற்களுக்கு நடுவே வைத்து மெல்லக் கடித்தாள். அவள் துறையின் நிலவியலாளர். விரலுக்குத் தெரியாத நுண்மணல் பல்லுக்குத் தெரியும், கலந்திருந்தால் நறநறக்கும். இது வெண்ணெய் போல வழுக்கியது. துப்பிவிட்டு வாய் கொப்பளித்தாள்.

"சின்னதுல சாக்பீஸ் தின்னா. அடிச்சும் திருந்தல," என்றாள் ரிக் மேடையிலிருந்து அக்கா. "இப்ப சம்பளம் குடுத்துத் திங்க வைக்கிறாங்க."

அக்காதான் இந்த ரிக்கின் பொறியாளர். பூமிக்குள் இறங்கும் ராடும் அதன் முனையில் வெட்டும் பிட்டும் அவள் பொறுப்பு. துளைக்குள் சுற்றிவரும் சேற்றுநீரின் கனம் அவள் பொறுப்பு. ஏழு ஆட்களின் கையும் காலும் அவள் பொறுப்பு. தலைக்கவசத்துக்கு வெளியே நரைத்த முடிக்கற்றை ஒன்று எப்போதும் தொங்கும். எந்த இயந்திரச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும் குரல். பள்ளிக்கூடத்தில் தங்கை எழுந்து நின்று வாய் திறக்காதபோதெல்லாம், பக்கத்து வகுப்பிலிருந்து வந்து "அவளுக்கு பதில் தெரியும் டீச்சர், நான் சொல்றேன்" என்றவள் அவள்தான். அந்தப் பழக்கம் இருவருக்கும் விடவில்லை.

தங்கைக்குப் பதில் இப்போதும் தெரியும். தெரிந்து ஓராண்டாகப்போகிறது.

துறை அலுவலகத்தின் தாழ்வாரத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு வரைபடம் மாட்டியிருக்கும். மலையடியிலிருந்து கடல்வரை பூமியை வகிர்ந்து பக்கவாட்டில் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்தது. வரைந்தவர் மூத்த நிலவியலாளர். ஊருக்கெல்லாம் ஸ்கேல் சார். எந்தக் கோட்டையும் அவர் வெறுங்கையால் போட்டதில்லை. அவருடைய தலை வகிடும் ஸ்கேல் வைத்துப் போட்டதுதான் என்று கேன்டீனில் சொல்லிக்கொள்வார்கள். மேட்டுக் கிணற்றில் நூற்றிருபது மீட்டரில் மணல். கடலை நோக்கி வந்தால் பள்ளிக் கிணற்றில் நூற்றைம்பதில் மணல். இரண்டையும் சேர்த்து ஒரு நேர்க்கோடு இழுத்து, அதே சரிவில் துறைமுகம்வரை நீட்டினார். நூற்றெண்பது. அந்தக் கோட்டின் முனையில்தான் இப்போது ரிக் நிற்கிறது.

மனிதர் சாதாரண ஆள் இல்லை. அந்த இரண்டு கிணறுகளையும் கண்டுபிடித்தவர் அவரே. பாதி ஊர் அவர் கண்ட தண்ணீரைத்தான் குடிக்கிறது. தங்கையும் அதைக் குடித்து வளர்ந்தவள்தான்.

ஆனால் போன மழைக்காலத்தில், துளைகளிலிருந்து உருவியெடுத்த மண்தண்டுகளை அடுக்கிவைக்கும் கொட்டகையில், அவள் பள்ளிக் கிணற்றின் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரைமேல் மழை விழுந்துகொண்டிருந்தது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாத இடம். அவளுக்குப் பிடித்த இடம். காய்ந்த மண்தண்டு எதையும் காட்டாது. ஈரம் பட்டதும் நிறமும் வரியும் எழுந்து வரும்.

கீழிருந்து மேலாகப் படித்தாள். முதலில் களி. மேலே வர வர நுண்மணல், பிறகு பருமணல், அலை அடித்த வரிகள், சிப்பி. அதாவது கடற்கரை இந்த இடத்தை நோக்கி நடந்து வந்திருக்கிறது. ஆழம் குறைந்து குறைந்து கடைசியில் கரையாகிவிட்டது. ஆறு கொண்டுவந்து கொட்ட, கடல் சற்றே பின்வாங்க, கரை முன்னே நகரும். பிறகு சட்டென்று கடல் ஏறும்; மணலின் தலைமேல் களி வந்து உட்காரும். மறுபடி அதே கதை, கொஞ்சம் தள்ளி. ஒவ்வொன்றும் ஒரு பொதி. கூரையில் ஓடு வேய்ந்ததுபோல, ஒன்றின் விளிம்பில் அடுத்தது சாய்ந்து, கடலை நோக்கி அடுக்கிக்கொண்டே போகும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கூரை. ஏறிப் பார்த்தால்தான் ஓடுகள்.

அப்படியானால் மேட்டுக் கிணற்று மணலும் பள்ளிக் கிணற்று மணலும் ஒரே மணல் இல்லை. மேட்டில் கரை இருந்த காலத்தில் பள்ளிக்கூட இடம் கடலடிச் சேறு. கரை நடந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது மேடு தரையாகியிருந்தது. மணலோடு மணலைச் சேர்த்துக் கோடு போட்டால், அண்ணன் கல்யாணப் படத்தையும் தம்பி கல்யாணப் படத்தையும் ஒட்டி ஒரே கல்யாணம் என்று சொல்வதாகும். முன்பு மேட்டுக் கிணற்றில் நாள்கணக்கில் நீரை இறைத்துச் சோதித்தபோது, பள்ளிக் கிணற்றின் நீர்மட்டம் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. ஸ்கேல் சார் மட்டமானியைக் குறை சொன்னார். மட்டமானி சரியாகத்தான் இருந்தது.

அவளை நிறுத்தியது அந்த மணலின் உச்சி. அங்கே மணல் வெளுத்துக் கிடந்தது, நடுநடுவே துருக்கறை. பஞ்சை அழுத்தித் துடைத்ததும், தலைகீழாகக் கிளைத்த மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிந்தன. வேர். கடற்கரை மணலில் செடி முளைத்து, வெயில் பட்டு, மழை பட்டு, மண்ணாக மாறியிருக்கிறது. அதன்மேல் விரற்கடை அளவு சிப்பி உடைசலும் கூழாங்கல்லும். அதற்கு ஒரு முழம் மேலே, களிக்குள், கரும்பச்சை மணிகள் நெருக்கமாகப் பதிந்த ஒரு பட்டை. பிறகு வெறும் ஆழ்கடல் களி.

அந்த வேருக்கும் சிப்பிக்கும் நடுவில் கையை வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு நகம் நுழையாத இடைவெளி. அதற்குள் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் அடங்கியிருக்கின்றனவோ. கடல் இங்கிருந்து இறங்கிப் போய்விட்டது. இங்கே படிய ஒன்றுமில்லை. இங்கே பூமி மௌனம். ஆனால் ஆறு சும்மா இருந்திருக்காது. மணலைச் சுமந்துகொண்டு, இறங்கிப்போன கடலைத் துரத்திக்கொண்டு போயிருக்கும். இங்கே பேச்சு நின்ற காலமெல்லாம் கடல் வேறெங்கோ, இன்னும் வெளியே, இன்னும் கீழே பேசிக்கொண்டிருந்திருக்கிறது. மௌனத்தை ஒன்றுமில்லாமை என்று எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அந்த மணல் கிடைக்காது என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இதமாக இருந்தது.

கூட்டத்தில் அதை அவள் சொன்ன விதம் வேறு. மூன்று வாக்கியம், மூன்றிலும் 'ஒருவேளை'. ஸ்கேல் சார் "நல்ல கவனிப்பு" என்று பாராட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். துளை பழைய கோட்டின்படியே போடப்பட்டது.

நேற்று மாலை, நூற்றெண்பது தாண்டியும் களி வந்த செய்தியோடு இருவரும் வீடு திரும்பினார்கள். அக்காவின் வீட்டு மாடியில்தான் தங்கை குடியிருக்கிறாள். அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே, "உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, உனக்கு என்னமோ தெரியும்னு. சொல்லித் தொலையேன்," என்றாள்.

தங்கை சொன்னாள். வீட்டில் அவளுக்குப் பேச்சு வரும். ஓடு, கரை நடந்தது, வேர், பச்சைப் பட்டை எல்லாம்.

அக்கா கடைசித் தட்டைக் கவிழ்த்தாள். "இதை ஏன் கூட்டத்துல இப்படிச் சொல்லல?"

"சொன்னேனே."

"சொன்ன. எனக்குக் கேட்ட மாதிரி அவங்களுக்குக் கேக்கல." கையைத் துடைத்தாள். "நாளைக்கு நான் சொல்லமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். இது உன்னோட பாறை. நான் சொன்னா, தங்கச்சிக்காக அக்கா வக்காலத்து வாங்குறான்னு ஆயிடும்."

இதோ அந்த நாளை வந்துவிட்டது.

துறை இயக்குநரின் வண்டி வேலிக்குள் நுழைந்தது. அவர் பின்னாலேயே ஸ்கேல் சார், வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். மேசையைச் சுற்றி நின்றார்கள். பைகளை ஒரு பார்வை பார்த்ததுமே ஸ்கேல் சாரின் தோள் இறங்கிவிட்டது.

"மணலுக்குக் கீழ இருக்கிற களிக்கே வந்துட்டோம்," என்றார். "மணல் இந்தப் பக்கம் மெலிஞ்சு மெலிஞ்சு இல்லாமயே போயிருச்சு. தாண்டியாச்சு. இதுக்கு மேல தோண்டுறது ராடுக்குத்தான் கேடு." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது, அது நடிப்பில்லை. இந்தத் துளையை அவரும் ஆசையாகத்தான் பார்த்திருந்தார்.

இயக்குநர் அக்காவைப் பார்த்தார். "உங்க பக்கம் எப்படி?"

"களி ஊதுது சார். தண்ணியக் குடிச்சு வீங்கி ராடைப் பிடிக்குது. காலைலருந்து ரெண்டு தடவை இழுத்து விட்டுத்தான் இறக்குறோம். மூட்றதுன்னா இன்னைக்கே மூடிடணும். நாளைக்குன்னா ராடு நமக்குச் சொந்தமில்ல."

"அப்ப மூடிடலாமா?"

அக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். இயந்திரம் உறுமியது. வழக்கமாக அந்த இடத்தை நிரப்பும் குரல் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது. இவ்வளவு பெரிய மௌனத்தை அக்காவிடம் தங்கை கேட்டதே இல்லை.

"தாண்டல சார்," என்றாள் தங்கை.

இயக்குநரும் ஸ்கேல் சாரும் திரும்பினார்கள்.

"நாம இன்னும் அந்த இடத்துக்கே வரல. மேலயே நிக்கிறோம்."

"எப்படிம்மா? மணலுக்கு மேல இருக்கிற களியும் கீழ இருக்கிற களியும் ஒண்ணுதானே," என்றார் ஸ்கேல் சார். "பக்கத்துல வெச்சா எனக்கே அடையாளம் தெரியாது."

"எனக்கும் தெரியாது சார். களிய வெச்சு அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. ஆழமான தண்ணில எப்பப் படிஞ்சாலும் களி இப்படித்தான் இருக்கும். மணலும் அப்படித்தான், கரை எங்கெல்லாம் நின்னுச்சோ அங்கெல்லாம் இருக்கும். அதனால மணலோட மணலச் சேக்கக் கூடாது. கடல் ஏறின நேரத்தோட நேரத்தச் சேக்கணும்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். 'ஒருவேளை' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். "பள்ளிக் கிணத்துல மணலுக்கு மேல ஒரு முழத்துல பச்சைப் பட்டை இருக்கு. கடல் உச்சத்துக்கு ஏறி, கரை ரொம்பத் தூரம் உள்ள போனப்ப, நடுக்கடல்ல ஆத்து மண் வந்து சேராது. மண் சேராம கடலடி பட்டினி கிடக்கும்போதுதான் அந்தப் பச்சை மணி உண்டாகும். அது ஒரு இடத்துச் சமாச்சாரம் இல்ல. அந்த நேரத்துல கடல் மூடின இடம் பூரா அது விழுந்திருக்கணும். இங்கயும்."

"விழுந்திருக்கணும். விழுந்துச்சா?"

"அதத்தான் சார் சொல்றேன். இன்னும் வரல. முதல் பைலருந்து இந்தப் பை வரைக்கும் அத்தனையையும் கழுவி லென்ஸ்ல பாத்துட்டேன். ஒரு பச்சை மணி கிடையாது. மணலத் தாண்டிட்டோம்னா, அதுக்கு முன்னாடி பச்சையத் தாண்டியிருக்கணுமில்ல? தாண்டல. அப்ப நாம பச்சைக்கு மேலதான் இருக்கோம்."

ஸ்கேல் சார் சுருளை விரித்துத் தன் கோட்டையே வெகுநேரம் பார்த்தார்.

"சரி, பச்சைக்குக் கீழ மணல் இருக்கும்னு என்ன நிச்சயம்?" என்றார். குத்தலாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"பள்ளிக் கிணத்து மணல் தலைல வேர் இருக்கு சார். கடல் அங்கருந்து இறங்கிப் போயிருச்சு. மேட்டுக் கிணத்துக்குப் பக்கத்துத் துளைல நீங்களே ஒரு பழைய ஆத்துப் பள்ளத்தப் பாத்திருக்கீங்க, கூழாங்கல்லு ரொம்பினது. கடல் இறங்கினதால ஆறு தரைய வெட்டிக்கிட்டு இறங்கினதுதான் அந்தப் பள்ளம். அந்த ஆறு மணல எங்க கொண்டுபோய்க் கொட்டும்? இறங்கின கடலோட புதுக் கரைல. அது உங்க கோட்டுக்குக் கீழ. கடல் எவ்வளவு இறங்குச்சோ அவ்வளவு கீழ. நமக்கு வேண்டிய தண்ணியும் அந்தப் பள்ளத்து வழியாத்தான் வரணும்."

இவ்வளவு நீளமாக அவள் பேசி அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. சல்லடைக்காரர் கையிலிருந்த களியோடு அப்படியே நின்றுவிட்டார்.

இயக்குநர் அக்காவிடம் திரும்பினார். "ராடு போனா பொறுப்பு உங்களுது. நீங்க சொல்லுங்க."

அக்கா தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "எது வரைக்கும்?"

"பச்சை வர்ற வரைக்கும். வந்ததுக்கு அப்புறம் இருபது, இருபத்தஞ்சு மீட்டர். அதுக்குள்ள மணல் வரலன்னா நான் சொன்னது தப்பு."

"பச்சையே வரலன்னா?"

"இன்னும் பத்து மீட்டர் பாரு. அதுலயும் வரலன்னாலும் நான் சொன்னது தப்புதான்."

"ம்." அக்கா கையுறையை மாட்டிக்கொண்டாள். "யாருப்பா அங்க, சேத்துல உப்பும் மருந்தும் சேருங்க, களி வீங்கக் கூடாது. ராடு இறக்கு."

அதன்பின் காத்திருத்தல். பிட் இப்போது வெட்டுவது இப்போதே சல்லடைக்கு வராது. துளையின் அடியிலிருந்து சேற்றுநீரோடு மெதுவாக ஏறி வரவேண்டும். கீழே எதைக் கடித்தோம் என்பது மேலே தெரிவதற்குள் ஒரு தேநீர் ஆறிவிடும். தங்கையின் தேநீர் ஆறியது. ஸ்கேல் சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துச் சல்லடைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போகச் சொன்ன இயக்குநரிடம், "என் கோடு சார் இது. செத்துச்சா பிழைச்சுச்சான்னு பாக்காம போகமாட்டேன்," என்றார்.

இருநூற்றைந்து மீட்டர் ஆழத்துக் களி வந்தது. சாம்பல். சல்லடைக்காரர் தலையை ஆட்டினார்.

தங்கை அதையும் வாங்கி, வெள்ளைத் தட்டில் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சுழற்றினாள். கலங்கலை வடித்தாள். மறுபடி ஊற்றினாள். களியெல்லாம் கரைந்துபோன தட்டின் அடியில், கடுகில் கால்பங்குகூட இல்லாத மணிகள் சில மிஞ்சின. தட்டை வெயிலுக்குச் சாய்த்தாள். கரும்பச்சை. ஒன்று, இரண்டு, பிறகு தட்டின் விளிம்பில் ஒரு பிறை போலத் திரண்டு நின்றன.

தட்டை ஸ்கேல் சாரின் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, தட்டில் மூக்கு தோயும்படி குனிந்தார்.

"மேல எங்கயும் இல்லன்னு சொன்னே இல்ல?"

"இல்ல சார்."

"அப்ப இது மேலருந்து சரிஞ்சு விழுந்ததில்ல," என்றார், தனக்கே சொல்வதுபோல. "இது புதுசு." பிறகு ரிக் மேடையைப் பார்த்துக் கை தூக்கினார். "ஏம்மா, உன் தங்கச்சியோட பச்சை வந்திருச்சு."

அக்கா திரும்பவில்லை. ஆனால் அவள் தோள்கள் சற்று அகன்றதைத் தங்கை பார்த்தாள்.

அடுத்த ராடு பாதியில் சிக்கியது. இயந்திரத்தின் குரல் தடித்து, முக்கி, கோபுரம் லேசாக நடுங்கியது. ஆட்களின் முகம் வெளிறியது. அக்கா ஒரு கையால் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, மறுகையை நெம்புகோலில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இழுக்கவில்லை. சேற்றுநீரை மட்டும் ஓடவிட்டு, சுழற்சியை இம்மியளவு கூட்டினாள், குறைத்தாள், கூட்டினாள். பாறையைப் பற்றித் தங்கை பேசிவிட்டாள். அந்தப் பேச்சின் பாரம் முழுக்க இப்போது அக்காவின் மணிக்கட்டில் தொங்குகிறது. ராடு போனால் ஊர் சொல்லப்போவது அக்காவின் பெயரைத்தான்.

கீழே ஏதோ விட்டுக்கொடுத்தது. ராடு ஒரு குலுக்கலோடு சுழன்றது. அக்கா கண்ணைத் திறந்தாள்.

"என்ன முறைக்கிறீங்க? இறக்குங்கப்பா."

இருநூற்றுப் பதினைந்தில் தங்கை மறுபடி களியைக் கடித்துப் பார்த்தாள். இம்முறை மெலிதாக நறநறத்தது. இன்னும் கீழே, நன்றாகவே நறநறத்தது. களியின் நிறம் வெளிறியது; சிப்பித் துணுக்குகள் வந்தன. கடல் ஏறிய கதையைத் தலைகீழாகப் படித்துக்கொண்டு இறங்கினார்கள். ஆழத்திலிருந்து கரையை நோக்கி. ஸ்கேல் சாரும் கை நீட்டி ஒரு துளி வாங்கிப் பல்லில் வைத்தார். வெகுநாளாயிற்றுபோல, முகத்தைச் சுளித்தார். பிறகு சிரித்தார்.

இருநூற்று இருபத்தெட்டில் பிட்டின் சத்தமே மாறியது. களியில் முனகிக்கொண்டிருந்தது, மணலில் சலசலவென்று பேச ஆரம்பித்தது. சல்லடை நிரம்பியது. வெளிர்மஞ்சள் பருமணல், உருண்டு தேய்ந்த கூழாங்கல், நடுவே ஒரு கருகிய மரத்துண்டு. சல்லடைக்காரர் இரண்டு கையாலும் அள்ளித் தங்கையிடம் நீட்டினார்.

"கோவிச்சிக்கிட்டுப் போன மருமகள் வந்துட்டா," என்றார். "பைய எடுங்க."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள்.

மணலின் தடிமன் முழுவதையும் கடந்து முடித்ததும், மறுநாள் காலை துளைக்குள் மின்கருவியை இறக்கினார்கள். உப்புநீர் நின்றால் மணலில் மின்சாரம் எளிதாக ஓடும். நல்ல நீர் நின்றால் தடைப்படும். கருவி அடியிலிருந்து மேலே ஏற ஏற, திரையில் ஒரு கோடு வளர்ந்தது. மணலின் உயரம் முழுக்க அந்தக் கோடு தடையின் பக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மணல் முடிந்து களி வந்த இடத்தில் அடங்கியது. பச்சைப் பட்டையில், களியின் கதிரியக்கத்தைக் காட்டும் மற்றொரு கோடு ஊசிமுனையாக எழுந்து காட்டிவிட்டுப் போனது. தண்ணீரை வெளியே எடுத்துச் சோதித்தபின்தான் சான்றிதழ் என்றாலும், திரையைப் பார்த்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஸ்கேல் சார் மேசையில் சுருளை விரித்து நாலு மூலைக்கும் நாலு கூழாங்கல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். ஸ்கேலைக் கொடுக்கவில்லை.

"போடு."

"உங்க கோட்டை அழிக்கணுமா சார்?"

"அழிக்காத. அது இருக்கட்டும். பக்கத்துல உன்னுது போடு. நாளைக்கு வர்றவங்க ரெண்டையும் பாக்கட்டும். எங்க நான் நேரா போனேன், எங்க நீ இறங்கினேன்னு." சற்று நிறுத்தினார். "பாதி ஊருக்கு நான் தண்ணி குடுத்தேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். மீதிப் பாதிய நீ எடுத்துக்கிட்டே. பரவாயில்ல. நம்ம ஆபீஸ்தானே."

அவள் வரைந்தாள். மேட்டிலிருந்து கடல்வரை, ஓட்டின்மேல் ஓடாகச் சாய்ந்த மணல்கள். அவற்றின் தலைமேல் வேர்விட்ட கோடு. அது துறைமுகத்தை நெருங்கும்போது சட்டென்று கீழே இறங்க, அந்தப் பள்ளத்தில் தனியாக, தடித்த ஒரு மணல். எல்லாவற்றின் மேலும் பச்சையாக ஒரே ஒரு மெல்லிய வரி.

இயக்குநர் வேலியோரம் வந்து நின்ற கீழ்நகரத்துக்காரர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கையசைத்து அழைத்தார். "இவங்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க, தண்ணி எங்க இருந்துச்சுன்னு." யாரை அழைத்தார் என்பது தெளிவில்லை. அக்காவின் கால் பழக்கத்தில் ஓர் அடி முன்னே போனது. உடனே அந்தக் காலை அவளே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என் தங்கச்சி சொல்லுவா சார்," என்றாள். "அவதான் கண்டுபிடிச்சா. நான் ஓட்டைதான் போட்டேன்."

கையில் குடத்தோடு நின்ற ஒரு பெரியவர் கேட்டார். "ஏம்மா, இவ்ளோ வருசம் கடல் பக்கத்துலயே இருக்கோம். நல்ல தண்ணி இருக்குன்னு எங்களுக்குத் தெரியலையே?"

தங்கை சற்று நேரம் பேசாமல் நின்றாள். பழைய மௌனம்தான், ஆனால் இப்போது அது வெறுமையாக இல்லை என்று சுற்றி நின்றவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும், யாரும் குறுக்கிடவில்லை.

"கடல் எப்பவும் இங்கயே இருந்ததில்ல ஐயா," என்றாள். "ஒரு காலத்துல அது நம்மள விட்டுட்டு ரொம்பத் தூரம் இறங்கிப் போயிருந்துச்சு. அப்ப ஆறு அதோட பின்னாடியே போய், மணல வெச்சுட்டு வந்துச்சு. அப்புறம் கடல் திரும்பி வந்து, களியால மூடி வெச்சிருச்சு. அதான் உப்பு உள்ள இறங்கல."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். "மூடி வெச்சதத் தொறந்துட்டீங்க."

பின்னால், ரிக்கின் படிக்கட்டில் உட்கார்ந்து அக்கா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். ஊரையே கூட்டும் அந்தக் குரல், இயந்திரம் நின்றுபோன முற்றத்தில், ஒளித்துவைக்க முடியாமல் ஒலித்தது.

"அம்மா, ராடெல்லாம் பத்திரம். அத விடு. உன் சின்னவ பேசினாம்மா. இல்லம்மா, எங்கிட்ட இல்ல. எல்லார் முன்னாடியும். இன்னும் பேசிக்கிட்டே இருக்கா, நீயே கேளு."

தொலைபேசியைக் கூட்டத்தின் பக்கம் உயர்த்திப் பிடித்தாள். பிடித்த கையை வெகுநேரம் இறக்கவில்லை.